கப்பல் தேதியைத் தவறவிட்ட பிறகு பையருக்கு எழுதும் மெயில்: திருப்பூரில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருப்பவர் எவரும் இந்த மெயிலை ஒருமுறையாவது எழுதியிருப்பார்: "சரக்கு சொன்ன தேதிக்குப் போகவில்லை, மன்னிக்கவும்." பையர் கோபப்படுவார், அது இருக்கட்டும். அதே மெயிலை பத்து நாள் கழித்து இரண்டாம் முறை எழுத வேண்டி வருவதுதான் பெரிய சங்கடம். அந்த இரண்டாவது மெயில் எப்படி உருவாகிறது என்று ஒரு ஆர்டரை வைத்துச் சொல்கிறேன்.

ஐரோப்பிய பையர் ஒருவருக்கு 24,000 டி-ஷர்ட். வெள்ளை, கிரே மெலாஞ்ச், நேவி என்று மூன்று கலர், கலருக்கு 8,000 பீஸ். மார்ச் 12 வியாழக்கிழமை சரக்கு ஃபேக்டரியை விட்டுக் கிளம்ப வேண்டும், 14 சனிக்கிழமை தூத்துக்குடியில் கட்-ஆஃப், அதாவது கப்பலுக்குச் சரக்கை ஒப்படைக்கும் கடைசி நாள். வெள்ளையும் கிரேயும் பெட்டியில் தயார். நேவி துணி மட்டும் 7ஆம் தேதி லேப் ரிப்போர்ட்டில் விழுந்தது. ஈரத் துணியால் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறது; பையர் கேட்டது கிரேடு 3, வந்தது 2.

எங்கள் தம்பி ஒருவர் 12ஆம் தேதி சாயங்காலம் மெயில் அனுப்பினார். டையிங்கில் சின்னப் பிரச்சினை, சிரமத்துக்கு வருந்துகிறோம், 18ஆம் தேதி எல்லாம் அனுப்பிவிடுகிறோம், தயவுசெய்து ஒத்துழைக்கவும் என்று நாலே வரி. ஏறக்குறைய ஒவ்வொரு வரியிலும் ஒரு தவறு.

7ஆம் தேதி தெரிந்ததை 12ஆம் தேதி சொன்னது முதல் தவறு. இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஐந்து நாளில் பையர் தன் கடைத் திறப்பைத் தள்ளியிருக்கலாம், நேவிக்குப் பதில் வேறு கலரை முன்னால் வைத்திருக்கலாம். அந்த வாய்ப்பு போய்விட்டது.

"டையிங்கில் சின்னப் பிரச்சினை" என்பது அடுத்தது. சாயப்பட்டறை மேல் பழியைப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். பையர் ஆர்டர் கொடுத்தது நமக்கு. பட்டறையை அவருக்குத் தெரியாது. அதோடு, "சின்னப் பிரச்சினை" என்று படித்ததும் சாயம் போகும் துணி தன் கடைக்கு வந்துவிடுமோ என்று அவர் பயப்படுவார். காரணத்தை இரண்டு வரியில் உள்ளபடி எழுதலாம்: நேவி துணி ஈர உரசல் சோதனையில் 2 எடுத்தது, சாயம் ஏறியபின் துணியில் தங்கிய ஒட்டாத சாயம் சரியாகக் கழுவப்படவில்லை, அதைச் சூடான சோப்பிங் செய்து மறுபடி சோதிக்கிறோம், தேறிய பிறகே வெட்டுவோம். லேப் ரிப்போர்ட்டையும் இணைத்துவிடலாம். நாம் செய்த தப்பும் இதில் ஒன்று உண்டு: மொத்தத் துணி வரும்வரை காத்திருந்து கடைசியில் சோதித்தோம். அதையும் எழுதினால் அடுத்த ஆர்டரில் முதல் லாட்டையே சோதிப்போம் என்று சொல்வதற்கு ஓர் அர்த்தம் இருக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு அந்த 18. அது எங்கிருந்து வந்தது? முதலாளி "ஒரு வாரத்துல முடிச்சுடலாம்" என்றார், தம்பி அதை எழுதினார். தேதியை ஃப்ளோரில் இருந்து எண்ணி எடுக்க வேண்டும். எண்ணிப் பார்ப்போம்.

சுமார் 1,400 கிலோ துணி. சோப்பிங் 9, 10. காயவைத்து காம்பாக்டிங் 11. லேப்பில் மறு சோதனை 12, 13. கட்டிங் 14. 15 ஞாயிறு. தைப்பு 16ஆம் தேதிதான் தொடங்கும். இரண்டு லைன் சேர்ந்து நாளைக்கு 1,600 பீஸ் தைக்கும் என்று வைத்தால் 8,000க்கு ஐந்து நாள் என்று கணக்கு வரும். ஆனால் முதல் நாள் லைன் செட் ஆகாது. பாதிதான் வரும், 800. ஆகவே தைப்பு 21 சனிக்கிழமை மதியம்வரை போகும். பின்னாலேயே செக்கிங், அயர்னிங், பேக்கிங்; அது ஞாயிறு தாண்டி 23இல் முடியும். இன்ஸ்பெக்ஷன் 24. 18ஆம் தேதி இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது பாருங்கள்: தைப்பின் மூன்றாவது நாள்.

அடுத்தது கப்பல். இந்தச் சரக்கு ஏறும் ஃபீடர் என்ற சின்னக் கப்பல் வாரத்துக்கு ஒன்று, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறும். அடுத்த கட்-ஆஃப் 21, அதை எப்படியும் பிடிக்க முடியாது. அதற்கடுத்தது 28. அதனால் 24இல் முடித்தாலும் 26இல் முடித்தாலும் பையருக்கு ஒன்றுதான். லாரி 26 கிளம்பினால் போதும். நடுவில் இருக்கும் 25ஆம் தேதி நமக்குக் கிடைத்த காப்பு. 8,000 பீஸ் லாட்டில், எத்தனை குறைவரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏ.க்யூ.எல். 2.5படி 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். 10 குறைவரை தேறும், 11 வந்தால் மொத்தமும் திரும்ப செக்கிங். அதற்கு இந்த ஒரு நாளும் ஓர் இரவும்தான் இருக்கிறது. பையருக்கு எழுத வேண்டிய தேதி 28 கட்-ஆஃப், அதாவது சரியாக இரண்டு வாரத் தாமதம். 18 என்று எழுதி நல்ல பேர் வாங்கப் பார்த்தால் 19ஆம் தேதி மறுபடி மன்னிப்பு.

தயாராக இருந்த 16,000 பீஸையும் நேவிக்காக நிறுத்தி வைத்தது இன்னொரு தவறு. "எல்லாம் சேர்ந்து போகட்டும்" என்பதில் நமக்கு ஒரே ஷிப்பிங் செலவு; பையருக்கோ மூன்று கலரும் காலி. பிரித்து 14 கட்-ஆஃபிலேயே ஏற்றியிருக்கலாம். ஒன்றை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்: நமக்குப் பணம் தருவதாக பையரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதமான எல்.சி.யில் பகுதி ஷிப்மென்டுக்குத் தடை இருக்கிறதா என்று. தடை எழுதியிருக்காவிட்டால் பகுதியாக அனுப்ப அனுமதி உண்டு என்பதே வங்கி விதி.

எல்.சி. என்றதும் பணம். தம்பியின் மெயிலில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. எல்.சி.யில் கடைசி ஷிப்மென்ட் தேதி 20 என்று இருந்தால், பையர் மெயிலில் "பரவாயில்லை" என்று சொன்னதை வங்கி கணக்கில் எடுக்காது. தாமத ஷிப்மென்டைக் குறையாகக் காட்டி டாக்குமென்டை மறுக்கும். தேதியைத் திருத்தும்படி பையர் தன் வங்கியிடம் கேட்க வேண்டும், அதை அதே மெயிலில் கேட்டுவிட வேண்டும். அதேபோல, முதலில் தைத்து முடியும் 2,000 நேவி பீஸைத் தனியாக இன்ஸ்பெக்ஷன் செய்து எங்கள் செலவில் விமானத்தில் அனுப்புகிறோம், மீதி 6,000 கப்பலில் என்று நாமே முன்வைக்கலாம். பையர் முழுவதையும் ஏர் கேட்பதற்குள் நாம் ஓர் அளவைச் சொல்வது செலவுக்கும் நல்லது. கடைத் திறப்பு நாளில் அலமாரியில் நேவி இருந்தால் அவருக்கும் தலைவலி பாதி குறையும்.

இவ்வளவும் சேர்த்துத் திருத்திய மெயில், 9ஆம் தேதி காலையில் போயிருக்க வேண்டியது, தமிழில் இப்படி இருக்கும்:

"நேவி 8,000 பீஸ் 12ஆம் தேதி கிளம்பாது. தவறு எங்களுடையது, மன்னிக்கவும். ஈர உரசல் சோதனையில் துணி தேறவில்லை, ரிப்போர்ட் இணைத்துள்ளோம். வெள்ளை, கிரே 16,000 பீஸ் திட்டப்படி 14 கட்-ஆஃபில் ஏறுகிறது. நேவி மறு சோதனை முடிவு 13 மாலை அனுப்புவோம். அது தேறினால் 2,000 பீஸ் எங்கள் செலவில் விமானத்தில், 6,000 பீஸ் 28 கட்-ஆஃபில். தேறாவிட்டால் இந்தத் தேதிகள் நிற்காது, அன்றே பேசுவோம். நேவிக்கு எல்.சி. தேதித் திருத்தம் வேண்டும். விமானத்துக்கான 2,000இன் சைஸ் பிரிப்பை 11க்குள் சொல்லுங்கள்."

"தேறாவிட்டால்" வரியை எடுத்துவிடச் சொல்லும் முதலாளிகள் உண்டு. எடுக்காதீர்கள். தைப்பு தொடங்கிய பிறகு தினமும் சாயங்காலம் அன்று முடிந்த பீஸ் எண்ணிக்கையை ஒரே வரியில் அனுப்புங்கள். 17ஆம் தேதி 1,600க்குப் பதில் 1,150 வந்தால் அதையே எழுதி, பின்தங்கிய 450ஐ எந்த நாள் ஓவர்டைமில் பிடிக்கிறோம் என்றும் சேர்த்து எழுதுங்கள்.