ஞாயிறு தமிழ் டிப்ளமோவுக்குப் பாடத்திட்டம் எழுதுவது எப்படி?

பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழர்களில் பலருக்கு வீட்டில் பேச்சு தமிழ், பள்ளியில் படித்தது கன்னடமும் ஆங்கிலமும். தமிழை சரளமாகப் பேசுவார்கள். தமிழில் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவார்கள். இவர்களுக்காக ஓராண்டு டிப்ளமோ தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். அதன் முதல் செமஸ்டரில் ‘எழுத்தும் வாசிப்பும்’ என்று ஒரு பாடம். ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம், 15 வகுப்புகள், மொத்தம் 45 மணி நேரம். வாரம் ஒரு மணி வகுப்புக்கு ஒரு கிரெடிட் என்ற வழக்கமான கணக்கில் இது மூன்று கிரெடிட் பாடம். இதற்கு ஒரு பாடத்திட்டத்தை முதலிலிருந்து எழுதிப் பார்ப்போம்.

புதிதாக எழுதுபவர்கள் வாரப் பட்டியலிலிருந்து தொடங்குவார்கள். முதல் வாரம் உயிரெழுத்து, இரண்டாம் வாரம் மெய்யெழுத்து என்று 15 வரிகளை நிரப்பிவிட்டு, கடைசியில் விளைவுகளையும் மதிப்பெண்களையும் ஒட்டவைப்பார்கள். அப்படி எழுதினால் நடத்தும் பாடம் ஒன்றாகவும் மதிப்பெண் வாங்கித் தருவது வேறாகவும் போய்விடும். நான் பரிந்துரைக்கும் வரிசை: விளைவுகள், பிறகு மதிப்பெண் பங்கீடு, கடைசியாக வாரங்கள்.

படி 1: கற்றல் விளைவுகள்

செமஸ்டர் முடிந்ததும் மாணவர் என்ன செய்துகாட்டுவார் என்பதுதான் விளைவு. ‘தமிழ் எழுத்துகளை அறிவார்’ என்று எழுதினால் அதைச் சோதிக்க வழியில்லை. அறிந்தாரா என்பதை எதை வைத்துச் சொல்வது? ஆகவே வெளியே தெரியும் ஒரு செயல், அதைச் செய்யும் சூழல், போதும் என்று நாம் ஏற்கும் அளவு ஆகிய மூன்றும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும்.

நம் பாடத்துக்கு நான்கு விளைவுகள் போதும்.

வி1: முன்பு பார்க்காத, எளிய நடையில் உள்ள 100 சொல் பத்தியை மூன்று நிமிடத்துக்குள், ஐந்து பிழைகளுக்கு மிகாமல் வாய்விட்டு வாசிப்பார்.

வி2: ஆசிரியர் சொல்லும் பத்து வாக்கியங்களை ல-ள-ழ, ர-ற, ண-ந-ன வேறுபாட்டோடு கேட்டு எழுதுவார்.

வி3: பேச்சுத் தமிழில் சொன்ன ஒரு செய்தியை எழுத்துத் தமிழில் எட்டு முதல் பத்து வாக்கியங்களாக எழுதுவார்.

வி4: நாளிதழில் வந்த சிறு செய்தி ஒன்றைப் படித்து, யார், எங்கே, எப்போது, என்ன என்ற கேள்விகளுக்கு விடை எழுதுவார்.

கல்லூரிகளில் விளைவு எழுதும்போது, கற்றலைப் படிநிலைகளாகப் பிரிக்கும் புளூம் வகைப்பாட்டின் பட்டியலைக் கொடுப்பார்கள். 1956-இல் வந்த அந்த வகைப்பாட்டை 2001-இல் திருத்தியபோது ஆறு படிநிலைகளுக்கு நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல் என வினைகளாகவே பெயர் வைத்தார்கள். அதனால் பலர் படிநிலையின் பெயரையே எடுத்து ‘புரிந்துகொள்வார்’ என்று விளைவில் எழுதிவிடுகிறார்கள். படிநிலையின் பெயரை அப்படியே எழுதாமல், அந்தப் படிநிலையில் மாணவர் செய்துகாட்டும் செயலை எழுதுங்கள்.

வி1-இல் ‘பிழை’ என்றால் என்ன என்பதையும் பாடத்திட்டத்திலேயே தீர்மானிக்க வேண்டும். ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று படிக்கும் மாணவர்கள் இருப்பார்கள். அது வீட்டுப் பேச்சின் ஒலி. எழுத்தைச் சரியாக அடையாளம் கண்டிருக்கிறார் என்றால் வாசிப்புப் பிழையாகக் கணக்கிட வேண்டாம் என்பது என் கருத்து. தவறாகப் படித்துத் தானே திருத்திக்கொண்டதும் பிழையில்லை. இதை ஒரு வரியில் எழுதிவைக்காவிட்டால் இரண்டு ஆசிரியர்கள் ஒரே மாணவருக்கு இரண்டு விதமாக மதிப்பெண் போடுவார்கள்.

வி2-இலும் இதே சிக்கல் வரும். சொல்லிக்கொடுப்பவரே ல-ள வித்தியாசமில்லாமல் உச்சரித்தால் தனிச்சொல்லைக் கேட்டு எழுதச் சொல்வது அநியாயம். ‘கடையில் விலை கேட்டாள்’, ‘வயலில் நெல் விளைந்தது’ என்று பொருளே எழுத்தைக் காட்டிக்கொடுக்கும் வாக்கியங்களைக் கொடுங்கள். விளைவில் ‘சொற்கள்’ என்று போடாமல் ‘வாக்கியங்கள்’ என்று போட்டது இதற்காகத்தான்.

படி 2: மதிப்பெண் பங்கீடு

கடைசி வகுப்பைத் தேர்வுக்கு ஒதுக்கினால் கற்பிக்க மிஞ்சுவது 14 வகுப்பு, அதாவது 42 மணி நேரம். வி1-க்கு 18 மணி, வி2-க்கும் வி3-க்கும் ஒன்பது ஒன்பது, வி4-க்கு ஆறு. நேரத்தின் விகிதப்படி பார்த்தால் வி1-க்கு 43 மதிப்பெண் போக வேண்டும். நான் அதை 35-ஆகக் குறைத்து வி3-ஐ 30-ஆக உயர்த்துவேன். எழுத்துத் தமிழ் பழகுவது பெரும்பாலும் வீட்டில் உட்கார்ந்து எழுதும்போதுதான் நடக்கும். வகுப்பு மணிக்கணக்கில் அந்த உழைப்பு தெரியாது. வி2-க்கு 20, வி4-க்கு 15. நேரக் கணக்கிலிருந்து விலகலாம், ஆனால் ஏன் விலகினோம் என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும்.

இனி தேர்வுகளை விளைவுகளோடு பொருத்திப் பார்க்க ஒரு கட்டம் போடுங்கள்.

| மதிப்பீடு | வாரம் | வி1 | வி2 | வி3 | வி4 | மொத்தம் |
|---|---|---|---|---|---|---|
| முதல் வாசிப்புத் தேர்வு | 7 | 15 | – | – | – | 15 |
| கேட்டெழுதல் (மூன்றில் சிறந்த இரண்டு) | 8, 9, 11 | – | 10 | – | – | 10 |
| வீட்டெழுத்து, நான்கு | 10–13 | – | – | 20 | – | 20 |
| இறுதி எழுத்துத் தேர்வு | 15 | – | 10 | 10 | 15 | 35 |
| இறுதி வாசிப்புத் தேர்வு | 15 | 20 | – | – | – | 20 |
| மொத்தம் | | 35 | 20 | 30 | 15 | 100 |

கட்டத்தை இரண்டு பக்கமும் படியுங்கள். ஒரு நெடுவரிசை காலியாக இருந்தால் அந்த விளைவை நாம் எங்கும் சோதிக்கவில்லை. ஒரு கிடைவரிசை எந்த விளைவிலும் விழாவிட்டால் அந்த மதிப்பெண்ணுக்குப் பாடத்தில் காரணமில்லை. ‘வருகைக்கு 10’ என்பது இப்படித்தான் நுழைகிறது. வருகையைத் தேர்வெழுதும் தகுதியாக வையுங்கள், மதிப்பெண்ணாக வைக்காதீர்கள்.

அடுத்து ஒரு மாணவரைக் கற்பனை செய்து கட்டத்தைச் சோதியுங்கள். தேர்ச்சிக்கு 50 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் எழுத்தில் நன்றாகச் செய்து வி2, வி3, வி4 மூன்றிலுமாக 65-க்கு 52 வாங்குகிறார். வாய்விட்டு வாசிப்பதில் 35-க்கு 10. மொத்தம் 62, தேர்ச்சி! ஆனால் ‘எழுத்தும் வாசிப்பும்’ என்ற பாடத்தில் இவருக்கு வாசிப்பு வரவில்லை. இதைத் தடுக்க ஒரு நிபந்தனை சேருங்கள்: மொத்தத்தில் 50-உம், ஒவ்வொரு விளைவிலும் குறைந்தது 40 சதவீதமும் வேண்டும். வி1-இல் 40 சதவீதம் என்றால் 14. இவர் இறுதி வாசிப்புத் தேர்வில் மட்டும் மறுபடி வாசித்துக் காட்டித் தேறலாம். மற்ற மதிப்பெண்கள் அப்படியே இருக்கும். நீங்கள் ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ் டிப்ளமோ நடத்தினால் தேர்ச்சி விதி அவர்களுடையதுதான். இந்த நிபந்தனைக்கு இடமுண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

தேர்வு நடத்தும் நேரத்தையும் இங்கேயே கணக்கிட வேண்டும். 20 மாணவர்கள், ஆளுக்கு ஐந்து நிமிட வாசிப்பு என்றால் 100 நிமிடம். எழுத்துத் தேர்வு 90 நிமிடம். மூன்று மணி நேரத்துக்குள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்காது. இன்னொரு ஆசிரியர் வந்தால் ஆளுக்குப் பத்து மாணவர்களாகப் பிரித்து வாசிப்பை 50 நிமிடத்தில் முடித்துவிடலாம்.

படி 3: வாரங்கள்

முதலில் தேர்வு வாரங்களைக் குறித்துவிட்டு, மிச்சத்தில் பாடத்தை வையுங்கள்.

தமிழில் 247 எழுத்து என்று முதல் நாளே பலகையில் எழுதி வரிசையாகப் போக வேண்டாம். நம் மாணவர்களுக்குச் சொற்கள் ஏற்கெனவே தெரியும், வடிவங்கள்தான் தெரியாது. ட, ப, ம, ய என்ற நான்கையும் புள்ளியையும் காட்டினால் முதல் வகுப்பிலேயே படம், மடம், பட்டம், பயம் என்று வாசித்துவிடுவார்கள். இரண்டாம் வாரம் மற்ற வல்லினங்கள், ர, கால் குறி. கன்னடம் படித்தவர்கள் இங்கே தடுமாறுவார்கள். கன்னடத்தில் க-வுக்கு ஒலிக்கேற்ப வேறு வேறு எழுத்துகள் உண்டு. தமிழில் காகம், தங்கம், பகல் மூன்றுக்கும் ஒரே எழுத்து. ‘இடத்தைப் பார்த்து ஒலியை மாற்று’ என்ற பயிற்சிக்கு அந்த வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மூன்றாம் வாரம் இகர, ஈகாரக் குறிகள். அடுத்த இரண்டு வாரமும் உகர, ஊகாரத்துக்கே. கு, சு, டு, து, மு, ரு என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் இதை ஒரே வாரத்தில் அடைத்தால் ஏழாம் வார வாசிப்புத் தேர்வில் பாதிப் பிழைகள் இங்கிருந்துதான் வரும். ஆறாம் வாரம் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரம், இவற்றோடு கால் சேரும் ஒகர ஓகாரங்கள். குறி எழுத்துக்கு முன்னால் நிற்க, ஒலி பின்னால் வருவது பழகும் வரை ‘தேர்’ என்ற சொல்லே மெதுவாகத்தான் வரும்.

ஏழு முதல் ஒன்பது வரை வி2: ஏழில் ல-ள-ழ, எட்டில் ர-ற மற்றும் ண-ந-ன, ஒன்பதில் இரட்டிக்கும் மெய்கள். ஏழாம் வார வாசிப்புத் தேர்வை, மற்றவர்கள் பயிற்சி எழுதும்போது ஒவ்வொருவராக அழைத்து முடித்துவிடலாம். பத்து முதல் பன்னிரண்டு வரை வி3. ‘அம்மா நேத்தே வந்துட்டாங்க, நான் நாளைக்குப் போறேன்’ என்று சொல்லவைத்து, ‘அம்மா நேற்றே வந்துவிட்டார், நான் நாளை போகிறேன்’ என்று எழுதவைக்க வேண்டும். பதின்மூன்றும் பதினான்கும் நாளிதழுக்கு.

15 வகுப்புக்கு 17 ஞாயிறுகளை நாட்காட்டியில் பிடித்து வையுங்கள். ஜூலையில் தொடங்கினால் நடுவில் விநாயகர் சதுர்த்தியும் தசராவும் வரும். நீண்ட விடுமுறையில் பாதி வகுப்பு தர்மபுரிக்கும் வேலூருக்கும் கிளம்பிவிடும். அந்த ஞாயிறுகளைக் காலியாக விடுங்கள். அடுத்து வரும் ஞாயிறில் தேர்வு வைக்காதீர்கள்.

படி 4: ஒரு பக்கத்தில் அச்சிடுதல்

முதல் வகுப்பில் மாணவர் கையில் தரும் தாளில் நான்கு விளைவுகள், மேலே உள்ள கட்டம், தேதியோடு வாரப் பட்டியல், தேர்ச்சி நிபந்தனை ஆகியவை இருந்தால் போதும். கூடவே இரண்டு விதிகள்: வீட்டெழுத்து ஒரு வாரம் தாமதமானால் ஐந்துக்கு ஒரு மதிப்பெண் குறையும், அதற்கு மேல் ஏற்க மாட்டோம், கேட்டெழுதலில் ஒன்றைத் தவறவிட்டால் மறுதேர்வு இல்லை, ஏனென்றால் மூன்றில் இரண்டைத்தான் எடுக்கிறோம். வி1-க்கான மாதிரிப் பத்தி ஒன்றையும் தாளின் பின்பக்கம் அச்சிடுங்கள். இன்றைக்கு அவர்களால் அதைப் படிக்க முடியாது; ஏழாம் வாரத் தேர்வுக்கு முன் அதை வைத்தே வீட்டில் கடிகாரம் பார்த்துப் பழகுவார்கள்.