சித்த மருந்துச் சிட்டையில் உரிம எண் சொல்வதும் சொல்லாததும்

மும்பை மாட்டுங்காவில் சித்த மருந்து வாங்குவோர் பலர், புட்டியில் ஒட்டிய சிட்டையில் உற்பத்தி உரிம எண்ணைக் கண்டதுமே நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அந்த எண், மருந்தைத் தயாரிக்க மாநில உரிம அதிகாரி அனுமதித்திருப்பதைத்தான் காட்டுகிறதே தவிர, உங்கள் கையிலுள்ள புட்டி சோதிக்கப்பட்டது என்று உறுதியளிப்பதில்லை. 'கன உலோகச் சோதனை செய்யப்பட்டது' என்ற வரியும் அளவைக் குறிப்பிடாவிட்டால் அரைகுறைத் தகவலே. மூலிகை மட்டும் சேர்ந்த சூரணத்தில் ஈயம் 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 10 பங்கு, பாதரசம் 1 பிபிஎம் என்ற வரம்புகளைத் தாண்டக்கூடாது. எனவே புட்டியிலுள்ள தொகுதி எண்ணுக்குரிய ஆய்வறிக்கையைக் கடைக்காரரிடமோ தயாரிப்பாளரிடமோ கேட்டு, தொகுதி எண் பொருந்துகிறதா, அளவுகள் இந்த வரம்புகளுக்குள் உள்ளனவா என்று பாருங்கள். ஆனால் இரசகந்தி மெழுகு போன்றவற்றில் பாதரசம் கலப்படமாக அன்றி மூலப்பொருளாகவே சேர்கிறது என்பதால், மூலிகைச் சூரணத்துக்கான அந்த வரம்பை அங்கே தேடுவதில் பயனில்லை. அத்தகைய மருந்துகளை மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ள வேண்டும்.