மன்றில் நிற்கும்போது நீதிபதியை எப்படி அழைப்பது? (அமைச்சர், அரசாங்க அதிபர் பற்றியும் சிறிது)

உறவினர் ஒருவரின் காணி வழக்கில் சாட்சி சொல்வதற்காக யாழ்ப்பாணத்து மாவட்ட நீதிமன்றம் ஒன்றுக்கு நான் முதன்முறை சென்றபோது, என்ன சொல்ல வேண்டும் என்பதைச் சட்டத்தரணி ஆயத்தப்படுத்தி விட்டிருந்தார். எப்படி விளிக்க வேண்டும் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் குறையை இங்கே தீர்த்து வைக்கிறேன்.

முதலாவதாக, அழைப்பாணையில் எந்த மன்று என்று பாருங்கள். நீதவான் நீதிமன்றத்தில் இருப்பவர் நீதவான். மாவட்ட நீதிமன்றத்திலும் மேல் நீதிமன்றத்திலும் இருப்பவர் நீதிபதி. வடக்கில் மன்றின் மொழி தமிழ் என்பதால் 'கனம் நீதவான் அவர்களே' அல்லது 'கனம் நீதிபதி அவர்களே' என்று தமிழிலேயே விளிக்கலாம். இந்தியச் சினிமாவில் கேட்ட 'கனம் கோர்ட்டார் அவர்களே' வேண்டாம். 'சேர்' என்பதும் அலுவலகச் சொல்லே தவிர மன்றின் சொல் அல்ல.

இரண்டாவது, வணக்கம். நான் வழுக்கியது இங்கேதான். பெயர் கூவப்பட்டதும் சாட்சிக் கூண்டில் ஏறி, கைகளைக் கூப்பி, உரத்த குரலில் 'வணக்கம் ஐயா' என்று சொல்லிவிட்டு, பதில் வணக்கத்துக்காகக் காத்து நின்றேன். நீதிபதி கோவையிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை. அந்த ஒரு கணத்தில் என் நா உலர்ந்து போயிற்று. மன்றில் வணக்கம் வாயால் சொல்லப்படுவதில்லை. நீதிபதி உள்ளே வரும்போது எல்லோரோடும் எழுந்து நின்று, அவர் அமர்ந்த பின்னரே அமர வேண்டும். கூண்டில் ஏறியதும் அவர் பக்கம் திரும்பித் தலையைச் சற்றுத் தாழ்த்தினால் போதும். அவர் பதில் வணக்கம் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வெளியேறும்போதும் அதே தலைதாழ்த்தலே விடைபெறுதல்.

மூன்றாவது, யாருக்குப் பதில் சொல்வது? கேள்வி கேட்பவர் சட்டத்தரணி. பதிலோ நீதிபதிக்கு உரியது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி 'எல்லை வேலி எப்போது போடப்பட்டது?' என்று கேட்டபோது நான் அவரைப் பார்த்து 'ஐயா, அது…' என்று தொடங்கி, அவரோடு வாதாடத் தொடங்கிவிட்டேன். இப்போது என்றால், அவரது கேள்வியை முழுவதும் கேட்டுவிட்டு, நீதிபதியின் பக்கம் திரும்பி, 'கனம் நீதிபதி அவர்களே, வேலியை என் தகப்பனார் போட்டார்; நான் அப்போது சிறுவன்' என்று சொல்லி நிறுத்துவேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் முழு விளியைச் சேர்த்தால் சாட்சியம் நாடகம் போலாகிவிடும் என்பதால், முதல் பதிலில் ஒரு முறை சொல்லிவிட்டு, பின்னர் 'ஐயா' அல்லது 'அம்மா' என்று சுருக்கிக்கொள்வதே என் விருப்பம். 'அவர்களே' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது என்பதால், தடுமாற்றம் வந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். 'நீங்கள்தானே சொன்னீர்கள்' என்பதற்குப் பதிலாக, 'மன்று கூறியவாறு' என்பது பாதுகாப்பான வழி. தலையை அசைத்தால் அது பதிவாகாது. 'ஆம்', 'இல்லை' என்று வாயால் சொல்ல வேண்டும். சாட்சியம் எழுத்தில் பதிவாகிறது என்பதால், ஒரு வாக்கியம் முடிந்ததும் சற்று நிறுத்துங்கள்.

அமைச்சர் விடயம் இதைவிட எளிது. தமிழ்நாட்டு வழக்கமான 'மாண்புமிகு' இங்கே அவ்வளவாகப் பொருந்தாது. நமது அழைப்பிதழ்களில் 'கௌரவ' என்பதே நிலைத்திருக்கிறது. ஆனால் அது எழுத்துக்கும் மேடைக்கும் உரியது. நேரில் கைகூப்பி 'வணக்கம், அமைச்சர் அவர்களே' என்று தொடங்கி, உங்கள் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு நேரே காரியத்துக்கு வரலாம். கைகுலுக்க நாமாகக் கை நீட்டுவதில்லை. அவர் நீட்டினால் குலுக்கலாம்.

கச்சேரியில் மாவட்டச் செயலாளர் என்றும் அரசாங்க அதிபர் என்றும் அழைக்கப்படுபவர் ஒருவரே என்பதை அறியாமல் இரண்டு பேரைத் தேடுபவர்கள் உண்டு. அவர் அரச உத்தியோகத்தர். ஆகவே 'கௌரவ' சேர்ப்பது தேவையற்றது. மேடையில் 'அரசாங்க அதிபர் அவர்களே', அறையில் 'வணக்கம் ஐயா' அல்லது 'வணக்கம் அம்மா' போதும். அலுவலர்கள் தமக்குள் சொல்லும் 'சேர்', 'மடம்' இங்கே தவறில்லை, எனக்குத்தான் 'ஐயா' மேல்.

பின்சேர்க்கை: நான் எழுதியதை வாசித்த ஒருவர், தம் வழக்கு அழைக்கப்பட்ட நாளில் இருக்கையில் இருந்தவர் பதில் நீதவான் என்றும், அவர் தமக்கு முன்பே பழக்கமான சட்டத்தரணி என்றும், எப்படி அழைப்பதென்று திகைத்துப் போனதாகவும் தெரிவித்தார். பதில் நீதவானாக மூத்த சட்டத்தரணிகள் அமர்வது இங்கே வழமையே. அந்த இருக்கையில் இருக்கும்வரை அவரும் 'கனம் நீதவான் அவர்களே'தான். 'பதில்' என்ற சொல்லை விளியில் சேர்ப்பதில்லை, பழக்கத்தைக் காட்டும் புன்னகையையும் தவிர்க்க வேண்டும். மாலையில் கஸ்தூரியார் வீதியில் அவரைச் சந்தித்தால், வழமைபோல 'வணக்கம், சேர்' என்று சொல்லிக்கொள்ளலாம். வழக்கைப் பற்றி மட்டும் பேச்செடுக்காதீர்கள்.