அடையாள அட்டை எண்ணில் பிறந்த திகதி: எக்செலில் ஏன் ஒரு நாள் பிசகுகிறது?

வெள்ளவத்தைப் பக்கக் கடைகளில் படிவம் நிரப்பித் தருபவர்களுக்கு இது தெரிந்திருக்கும். இலங்கையின் பழைய தேசிய அடையாள அட்டை எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும்.

85694 என்று தொடங்கினால், 694இல் 500 போக 194. எக்செலில் `=DATE(1985,1,194)` போட்டால் ஜூலை 13 வரும். ஆனால் அவர் பிறந்தது ஜூலை 12. அட்டை எண்ணில் பெப்ரவரிக்கு எந்த ஆண்டிலும் 29 நாள்தான் கணக்கு, 1985இலோ 28. அதனால் லீப் அல்லாத ஆண்டுகளில் மார்ச் முதல் பிறந்த எல்லோருக்கும் ஒரு நாள் கூடிவிடும். ஜனவரி, பெப்ரவரிக்காரரை மட்டும் வைத்துச் சோதித்தால் பிழை கண்ணில் படாது.

ஆண்டு எதுவானாலும் சூத்திரத்தில் லீப் ஆண்டான 2000ஐப் போடுங்கள். மாதமும் நாளும் சரியாக வரும்.

```
=DATE(2000,1,194)
=DATE(2000,7,12)-DATE(1999,12,31)
```

இரண்டாவது வரி திகதியை 194 ஆக்கித் தரும். விடை திகதியாகத் தெரிந்தால் அந்தக் கட்டத்தின் வடிவத்தை எண்ணாக மாற்றுங்கள். புதிய 12 இலக்க எண்ணில் ஆண்டு நான்கு இலக்கம், நாள் ஐந்தாவது இலக்கத்தில் தொடங்கும்.