முற்றல் கறிக்குப் பப்பாளிக்காயா, தயிரா, குக்கரா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடைக்கறித் துண்டு ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரண்டு பொருள் தெரியும். சிவப்பாக, நெருக்கமாக நிற்பது சதை நார். அந்த நார்களைக் கட்டுக் கட்டாகச் சுற்றி, எலும்புப் பக்கம் போகப் போகத் தடித்து, வெள்ளையாக மினுமினுப்பது சவ்வு. இளங்கறியில் இந்தச் சவ்வு மெல்லிசாக இருக்கும், அரை மணி நேரக் கொதியிலேயே இளகத் தொடங்கிவிடும். வயதான கிடாயிலும், பல ஈற்றுக் கண்ட பெட்டை ஆட்டிலும் அது இறுகிப்போயிருக்கும். கறி அடர் சிவப்பாகவும் எலும்பு தடிமனாகவும் இருந்தால் முற்றல் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

பப்பாளிக்காய் முக்கியமாக நாரைத் தாக்கும். தயிர் துண்டின் மேற்பரப்பைப் பதப்படுத்தும். குக்கர் சவ்வைக் கரைக்கும். மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று நினைத்து ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடுவதும், மூன்றையும் சேர்த்துப் போட்டால் மூன்று மடங்கு மெத்தென்று வரும் என்று நம்புவதும்தான் கறி கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம்.

பப்பாளிக்காய்: கூடினால் கூழ்

பப்பாளிக்காயின் தோலைக் கீறினால் வடியும் பாலில்தான் பப்பைன் என்ற நொதி இருக்கிறது. பழுக்கப் பழுக்க அது குறைந்துவிடும். அதனால் செங்காயோ பழமோ இதற்கு உதவாது. கையில் அழுத்தினால் அமுங்காத, உள்ளே வெள்ளையாக இருக்கும் பச்சைக் காய் வேண்டும். பால் தோலை ஒட்டித்தான் அதிகம் என்பதால் தோலைக் கழுவிவிட்டு அதோடு சேர்த்தே அரைக்க வேண்டும். வழக்கம்போல் தோலைச் சீவி எறிந்துவிட்டு, "பப்பாளி போட்டும் வேகலையே" என்று அலுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

எலும்போடு கூடிய 1 கிலோ கறிக்கு 2 மேசைக்கரண்டி விழுது, அதாவது ஏறக்குறைய 30 கிராம் போதும். ஃபிரிட்ஜில் 3 முதல் 4 மணி நேரம் ஊறட்டும். விழுது துண்டுக்குள் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். அளவை இரட்டிப்பாக்கினால் ஆழமாக இறங்காது, மேல்புறம்தான் இன்னும் வேகமாகக் கரையும். ராத்திரி முழுக்க ஊறிய துண்டைத் தொட்டால் வழுவழுவென்று பசை ஒட்டும். வெந்தபின் வெளியே கூழாகப் பிரியும், நடுவில் கடித்தால் இழுக்கும். அளவு மீறிவிட்டது என்பதற்கு இதுவே அடையாளம். விழுது நடுவரை இறங்காததாலும், பச்சையாக இருக்கும் சவ்வைப் பப்பைன் அவ்வளவாகத் தொடாததாலும்தான் இப்படி ஆகிறது.

பலரும் கவனிக்காத ஒன்று: பப்பைன் முழு வீச்சில் வேலை செய்வது ஊறும்போது அல்ல, சூடேறும்போது. 60 முதல் 70 டிகிரி சூட்டில் அது மிக வேகமாக இருக்கும். 80-ஐத் தாண்டினால் தளரத் தொடங்கி, கொதிக்கும் குழம்பில் சீக்கிரமே செயலிழந்துவிடும். அதனால் குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது ஒரு பப்பாளித் துண்டை உள்ளே போடுவதில் பெரிய பலன் இல்லை. விழுதை வெங்காயத்தோடு முதலில் வதக்கிவிட்டுப் பிறகு கறியைப் போடுவதும் அப்படித்தான். மாறாக, ஹைதராபாத் கச்சி பிரியாணியில் ஊறிய பச்சைக்கறியை அடியில் பரப்பி, மேலே அரைவேக்காட்டு அரிசியைப் போட்டு, மாவால் மூடியை ஒட்டித் தம் போடுவார்கள். சட்டி மெல்ல மெல்லச் சூடேறுவதால் பப்பாளிக்கு அங்கே நிறைய நேரம் கிடைக்கிறது. லக்னோவின் கலௌட்டி கபாபில் வாயில் வைத்ததும் கரையும் பதம் வருவதும் இந்தப் பப்பாளியால்தான், ஆனால் அது கொத்துக்கறி. அந்தப் பக்குவத்தின் அளவைப் பார்த்துத் துண்டுக்கறிக்குப் போட்டால் துண்டு நிற்காது.

ரப்பர் பாலுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பப்பாளிப் பாலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். விருந்துக்குச் சமைப்பவர் முன்னமே கேட்டுக்கொள்வது நல்லது.

தயிர்: புளித்தால் நல்லது என்ற நினைப்பு

தயிரின் புளிப்பு சதையின் மேல் நாரைச் சற்றுத் தளர்த்தும். அதோடு சேர்க்கும் உப்பு, நாரைத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளச் செய்யும். தயிரில் ஊறிய கறி சாறோடு இருப்பதற்கு அந்த உப்பும் பெரிய காரணம். உப்பைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று வெறும் தயிரில் ஊறவைத்தால் பாதிப் பலன் போய்விடும். 1 கிலோவுக்கு 150 கிராம் கெட்டித் தயிர், 2 தேக்கரண்டி உப்பு, 4 மணி நேரம் என்பது பொருத்தமான அளவு. லேசான புளிப்புள்ள தயிர் என்றால் ஃபிரிட்ஜில் ஒரு இரவுகூடத் தாங்கும்.

நன்றாகப் புளித்த தயிர் கூடுதலாக மெத்தென்று ஆக்கும் என்பது தவறான கணக்கு. புளிப்பு ஏறினால் மேல்பரப்பு வெளுத்து, வெந்தபின் சுண்ணாம்பு போல வறட்டென்று நாக்கில் படும். இரண்டாவது சிக்கல் தண்ணீர். நீர்த்த தயிரில் ஊறிய கறியைச் சுக்காவுக்குப் போட்டால் எண்ணெயில் வதங்காது, தண்ணீரில் அவியும், நிறமே ஏறாது. தயிரை மெல்லிய துணியில் அரை மணி நேரம் தொங்கவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். முற்றல் கறிக்குத் தயிர் மட்டும் ஒருக்காலும் போதாது. ஆம்பூர் பிரியாணியில் தயிர் உண்டென்றாலும், அரிசி சேர்வதற்கு முன்பே கறி அந்த மசாலாவில் நேரம் எடுத்து வெந்துவிடுகிறது.

குக்கர்: விசிலை எண்ணாதீர்கள்

சவ்வில் உள்ள கொலாஜன், ஈரமும் சூடும் நேரமும் சேர்ந்தால் ஜெலட்டினாக உருகும். நெஞ்செலும்புக் குழம்பைச் சாப்பிட்டபின் உதடு பிசுபிசுவென்று ஒட்டுகிறதே, அது இந்த ஜெலட்டின்தான். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் அதைவிடவும் குறைவிலேயே கொதித்துவிடும். குக்கருக்குள் முழு அழுத்தத்தில் 120 டிகிரி வரை ஏறுவதால், இரண்டு மணி நேர வேலை அரை மணிக்குள் முடிகிறது.

அதே சூடு நாரைச் சுருக்கி, உள்ளிருக்கும் சாற்றைப் பிழிந்து வெளியேற்றும். சவ்வு உருகி முடிந்தபின்னும் குக்கரை விட்டுவைத்தால், நாரைச் சேர்த்துக் கட்ட எதுவும் இருக்காது, நாருக்குள் ஈரமும் இருக்காது. அதைத்தான் சக்கை என்கிறோம்.

"எத்தனை விசில்?" என்ற கேள்வி இங்கேதான் ஏமாற்றுகிறது. அடுப்பு முழுத் தீயில் இருந்தால் நிமிடத்துக்கு ஒரு விசில்கூட வரும், எட்டு விசில் என்பது எட்டே நிமிடமாக முடிந்துவிடும். சிம்மில் வைத்தால் இருபது நிமிடத்தில் இரண்டே விசில் வரலாம். உள்ளே அழுத்தம் நின்றால் போதும், விசில் என்பது மிஞ்சிய ஆவி வெளியேறுவது மட்டுமே. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். இளங்கறிக்கு 10 முதல் 12 நிமிடம், முற்றலுக்கு 20 முதல் 25 நிமிடம்.

அடுப்பை அணைத்ததும் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடுவது இன்னொரு தவறு. அழுத்தம் சட்டென்று இறங்கும்போது துண்டுக்குள் இருக்கும் சாறு குபீரென்று கொதித்து வெளியே வந்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்தால் தானாகவே அடங்கும். தண்ணீரையும் அள்ளி ஊற்ற வேண்டாம். கறியே நீர் விடும் என்பதால் 1 கிலோவுக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி போதும்.

முற்றல் தொடைக்கறியில் சுக்கா

இங்கே பப்பாளிக்கும் தயிருக்கும் வேலை இல்லை. பப்பாளி தடவிய கறியைக் குக்கரில் போட்டால் ஒரு பக்கம் நார் கரைந்து, மறுபக்கம் சவ்வும் உருகி, கிளறும்போது துண்டுகள் உதிர்ந்துவிடும்.

காலையில் வெட்டிய ஆட்டைச் சில மணி நேரத்திலேயே சமைத்தால் அது விறைப்பில் இருக்கும், எந்த வித்தையும் எளிதில் பலிக்காது. முடிந்தால் முந்தைய நாளே வாங்கி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். வாங்கிய சூட்டோடு ஃபிரீசரில் தள்ளினால் இன்னும் இறுகும். 1 கிலோவை ஒன்றேகால் அங்குலத் துண்டாகக் கேளுங்கள். சுண்டைக்காய் அளவுக்கு வெட்டினால் சவ்வு உருகும் முன்பே சதை காய்ந்துவிடும்.

கறியோடு ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், இடித்த இஞ்சி பூண்டு, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், ஒரு டம்ளர் தண்ணீர் சேர்த்து குக்கரில் வையுங்கள். முதல் விசிலுக்குப் பின் சிம்மில் 18 நிமிடம். முற்றலுக்கான 20 முதல் 25 நிமிடம் முழுதாக வைக்காததற்குக் காரணம், பின்னால் சட்டியில் இன்னும் சிறிது வேகப்போகிறது. அழுத்தம் அடங்கியதும் ஒரு துண்டை எடுத்து விரலால் அழுத்துங்கள். பிரிய மனமில்லாமல் பிரிந்தால் சரியான பதம்.

இனி கறியை வடித்துத் தனியே வைத்துவிட்டு, சாற்றை மட்டும் இரும்புச் சட்டியில் மிளகு, சீரகம், மல்லித்தூளோடு சுண்டவிட வேண்டும். சாறு கெட்டியாகி எண்ணெய் பிரியும்போது கறியைப் போட்டு ஆறேழு நிமிடம் புரட்டினால் போதும். கறியையும் சாற்றையும் ஒன்றாகப் போட்டு அரை மணி நேரம் சுண்டவைப்பதில்தான், பக்குவமாக வெந்த கறி கடைசியில் கட்டையாகிறது.

குக்கரைத் திறந்து கடித்துப் பார்க்கும்போது கறி கடினமாக இருந்தால், உடனே இன்னும் நான்கு விசில் என்று மூடிவிடாதீர்கள். துண்டைக் கிழித்துப் பாருங்கள். ரப்பர் போல இழுத்து, சவ்வு கண்ணாடி மாதிரி தெரிந்தால் இன்னும் வேகவில்லை. அரை டம்ளர் வெந்நீர் விட்டு மீண்டும் 8 நிமிடம் வையுங்கள். நூல் நூலாகப் பிரிந்து, மென்று தின்னும்போது வாய் வறண்டால் வேக்காடு மிஞ்சிவிட்டது. அதற்கு மேல் வேகவைப்பது வீண். அதைக் கையால் உதிர்த்து, முட்டை உடைத்து ஊற்றிப் பொடிமாஸாகவோ, கொழுப்பு மிதக்கும் சால்னாவில் சேர்த்தோ சாப்பிடலாம், சுக்கா மட்டும் ஆகாது.