குடமுழுக்கு அழைப்பிதழ் வெண்பா: எங்கே தவறுகிறோம்?

குடமுழுக்கு அழைப்பிதழின் முதல் பக்கத்தில், சுவாமி படத்துக்குக் கீழே, பெரும்பாலும் நான்கு வரிப் பாட்டு ஒன்று இருக்கும். அதன் மேல் ‘வெண்பா’ என்று தலைப்பும் இருக்கும். இப்படிப் பாட்டு எழுதிக்கொண்டு திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வருபவர்கள் உண்டு. அவற்றில் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகளைச் சொல்கிறேன்.

முதல் தவறு கடைசி அடியில்தான் நடக்கிறது. எல்லாரும் ‘திருக்குடமுழுக்கு’ என்ற சொல்லோடு பாட்டை முடிக்க ஆசைப்படுகிறார்கள். நியாயமான ஆசைதான், அழைப்பே அதற்குத்தானே. ஒரு திருப்பணிக் குழுவிலிருந்து வந்த பாட்டு இப்படி முடிந்தது:

காண்மின் திருக்குட முழுக்கு

காதுக்கு இதமாக இருக்கிறது. மூன்று சீர், ஈற்றில் ‘முழுக்கு’ என்பது ‘பிறப்பு’ என்ற வாய்பாட்டில் நிற்கிறது. அதுவரை சரி. ஆனால் அசை பிரித்தால் ‘திருக்/குட’ நிரை நிரை, அதாவது விளச்சீர். வெண்பாவில் விளத்துக்குப் பின் நேரசைதான் வர வேண்டும். ‘முழுக்’ நிரையசை. தளை தட்டிவிட்டது. ‘திருக்குடமுழுக்கு’ என்று ஒரே சீராகச் சேர்த்தாலும் பயனில்லை. நான்கு அசை ஆகிவிடும், வெண்பாவுக்கு அது ஆகாது. ‘குடமுழுக்கு’ என்று மட்டும் வைத்தால் காய்ச்சீர். அடியின் நடுவில் வரலாம், வெண்பாவின் கடைசிச் சீராக வர முடியாது.

இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ‘காண்மின் திருக்குடநீ ராட்டு’ என்று மாற்றுவது. ‘திருக்/குட/நீ’ காய்ச்சீர், அடுத்து ‘ராட்’ நேர். ‘ராட்டு’ என்பது ‘காசு’ வாய்பாடு. யாப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அச்சகத்தில் ‘நீ ராட்டு’ என்பதைப் பார்த்துப் பிழை என்று நினைத்து ‘நீராட்டு’ என்று சேர்த்துவிடுவார்கள். சேர்க்காவிட்டாலும் ‘ராட்டு’ என்று தொடங்கும் சொல்லைக் கண்டு ஊரார் தடுமாறுவார்கள். அதனால் எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி: ‘நன்னீர் முழுக்கு’. ‘நன்/னீர்’ தேமா, மாவுக்குப் பின் நிரை வரலாம், ‘முழுக்கு’ அங்கே பொருத்தமாக உட்கார்ந்துகொள்கிறது. சொல்லும் முழுதாக நிற்கிறது.

அந்த முடிப்பை வைத்து முழுப் பாட்டும் எழுதிப் பார்க்கலாம்:

சீர்வளரும் சோலைச் சிவனார் திருக்கோயில்
நீர்க்குடங்கள் ஏறும் நிறைநாளில் – ஊர்கூடி
அன்பரீர் வம்மின் அகங்குளிரக் காண்மினோ
பொன்முடிமேல் நன்னீர் முழுக்கு

யாகசாலைப் பூசை நிறைவுற்று, கடங்கள் புறப்பட்டு விமானத்தின் மேல் ஏறுகிற நாள். அதைத்தான் ‘நீர்க்குடங்கள் ஏறும் நிறைநாள்’ என்றேன். சீர், நீர், ஊர் என்று முதல் இரண்டு அடிக்கும் தனிச்சொல்லுக்கும் ஒரே எதுகை. பின்னிரண்டு அடிக்கு அன்ப, பொன்மு என்று வேறு எதுகை. ஆகவே இது இருவிகற்ப நேரிசை வெண்பா. ‘சீர்’ என்று தொடங்கியதற்கும் காரணம் உண்டு. பாட்டியல் நூல்கள் சீர், பொன், பூ, மணி, உலகம் போன்றவற்றை மங்கலச் சொற்களாகச் சொல்கின்றன. அவற்றில் ஒன்றை முதலில் வைப்பது மரபு.

கடைசி அடியில் ‘முன்னின்று நன்னீர் முழுக்கு’ என்று போட்டிருந்தால் மோனையும் கிடைத்திருக்கும், தளையும் கெடாது. இருந்தாலும் விட்டேன். ‘முன்னின்று’ என்றால் பொறுப்பேற்று நடத்துதல் என்ற பொருளும் வரும். வருகிறவர் எல்லாரும் முன்னின்று நடத்துபவர்கள் அல்லவே. அதோடு, தண்ணீர் கலசத்தின் மேல் விழும் காட்சியும் போய்விடும். மோனைக்காகப் பொருளை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

அப்புறம் சொல்நடை. பழந்தமிழ் மணம் வர வேண்டும் என்று ‘மின்’ விகுதியைக் கண்ட இடத்தில் ஒட்டிவிடுகிறார்கள். ‘வருகமின்’, ‘வாருங்கள்மின்’ என்றெல்லாம் பார்த்திருக்கிறேன். ‘மின்’ என்பது பலரை முன்னிலையில் ஏவும் விகுதி. வினைப்பகுதியோடுதான் சேரும்: வம்மின், காண்மின், கேண்மின். ‘வருக’ ஏற்கெனவே முடிந்த வியங்கோள் வினை, அதன் மேல் இன்னொரு விகுதி ஏறாது. ‘வம்மின்’ என்று தொடங்கிவிட்டு அடுத்த அடியில் ‘தாங்கள் குடும்பத்துடன்’ என்று வந்தாலும் நடை உடைந்துவிடும். அந்த அன்பான அழைப்பு வாக்கியத்துக்கு, பாட்டுக்குக் கீழே வரும் உரைநடையில் இடம் இருக்கிறது.

விருந்தினரைப் பார்த்து ‘எழுந்தருள்க’ என்று எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். கோயில் அழைப்பிதழில் எழுந்தருள்வது இறைவன்தான். பக்தர்களுக்கு ‘வருக’, ‘வம்மின்’ போதும்.

இன்னொன்று அசை நிரப்புவதற்காகச் சேர்க்கும் ‘திடவே’, ‘தானே’. நான் முதலில் தனிச்சொல்லாக எழுதியது ‘பார்த்திடவே’. எதுகை சரி, தளை சரி, ஆனால் ‘காண்மின்’ என்று பின்னால் வரும்போது அதற்கு வேலையே இல்லை. ‘ஊர்கூடி’ என்று மாற்றியதும் ஒரு புதுச் செய்தி உள்ளே வந்தது. அசைச்சொல்லை எடுத்துப் பாருங்கள், பொருள் குறையாவிட்டால் அங்கே வேறு சொல் தேட வேண்டும்.

நாள், நேரம் இரண்டையும் பாட்டுக்குள் திணிக்காதீர்கள். ‘காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்’ என்பது எந்தச் சீருக்குள்ளும் அடங்காது. அடக்கினாலும், முகூர்த்தம் மாறினால் பாட்டையே மாற்ற வேண்டி வரும்.

எழுதி முடித்த பிறகும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். அவலோகிதம் போன்ற யாப்பு மென்பொருளில் பாட்டை இட்டால் தளை தட்டுவதைக் காட்டிவிடும். ஆனால் ‘முழுக்கு’ என்பது ‘முழக்கு’ என்று அச்சாகியிருந்தால் அது பிடிக்காது, ஏனென்றால் இரண்டுக்கும் அசை ஒன்றே. முழக்கு என்றால் பேரொலி. நீராட்டு மறைந்து மேளச் சத்தம் மட்டும் மிஞ்சும். இந்தப் பிழையை அச்சுப்படியில் எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் பிடிக்க முடியும்.

இரண்டாவது, தனிச்சொல். படத்துக்கு ஏற்ப வரியை மடிக்கும்போது ‘ஊர்கூடி’ மூன்றாம் அடியின் தொடக்கத்துக்குப் போய்விடும். அப்போது இரண்டாம் அடியில் மூன்று சீர், மூன்றாம் அடியில் ஐந்து சீர் என்று ஆகி, பார்ப்பவருக்கு வெண்பாவாகவே தெரியாது. கோட்டுக்குப் பின் இருக்கும் சொல் இரண்டாம் அடியிலேயே இருக்க வேண்டும் என்று வடிவமைப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இடம் போதவில்லை என்றால் எழுத்தின் அளவைக் குறைக்கச் சொல்லலாம்.