மவுத் ஆர்கனில் சுத்த ரிஷபம்: பெண்டிங் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் பிறந்தவர்களுக்கு நாகஸ்வரம் சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்துகொண்டிருக்கும். அதில் சீவாளியை உதடு பிடிக்கும் அழுத்தத்தையும் மூச்சின் வேகத்தையும் மாற்றினாலே சுரம் அசையும். அதைப் பார்த்துப் பழகியவர் பத்துத் துளை மவுத் ஆர்கனை எடுத்ததும் உதட்டை இறுக்கிப் பலமாக உறிஞ்சுகிறார். சத்தம் பெரிதாகிறதே தவிர சுரம் இறங்குவதில்லை. சுரத்தை வளைத்துக் கீழே இறக்கும் பெண்டிங்கில் முதல் தவறு இதுதான். மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே வருகின்றன.

ஒரு கட்டை மவுத் ஆர்கனை, அதாவது சி ஸ்கேலை, எடுத்துக்கொள்வோம். நான்காம் துளையில் ஊதினால் சட்ஜம், இழுத்தால் சதுஸ்ருதி ரிஷபம். இடையில் உள்ள சுத்த ரிஷபத்துக்குத் தனி ரீட், அதாவது காற்றில் அதிரும் தகடு, கிடையாது. ஆனால் ஊதும் ரீட், இழுக்கும் ரீட் இரண்டும் ஒரே அறையில் இருக்கின்றன. வாய்க்குள் இருக்கும் காற்றிடத்தின் அளவை நாக்கால் மாற்றி, அதைக் கீழ்ச் சுரத்துக்குப் பொருத்தினால், இழுக்கும் ரீட் தாழ்ந்து வரும், ஊதும் ரீடும் சேர்ந்து அதிரத் தொடங்கும். அப்போது சுத்த ரிஷபம் கிடைக்கும். வேலை செய்வது நாக்கு. மூச்சு அதே அளவில் போய்க்கொண்டிருந்தால் போதும்.

கடையில் சகஜமாகக் கிடைக்கும் இரட்டை வரிசை ட்ரெமோலோ வகையில் ஒவ்வொரு ரீடுக்கும் தனி அறை இருப்பதால் இந்த வித்தை நடக்காது. அதை வாங்கிவிட்டுத் தன் மேல் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.

நாக்கு எங்கே போக வேண்டும்? கருவி இல்லாமலே கண்டுபிடிக்கலாம். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே விசிலடித்து, சுரத்தை மெதுவாக இறக்கிப் பாருங்கள். உதடு அப்படியே இருக்க, நாக்கு ‘ஈ’ சொல்லும் இடத்திலிருந்து பின்வாங்கி ‘ஊ’ பக்கம் போகும். நான்காம் துளைக்கு நாக்கின் பின்பகுதி, ‘க்’ சொல்ல அண்ணத்தைத் தொடப்போகும் இடத்துக்கு அருகே எழும்ப வேண்டும், ஆனால் அடைக்கக் கூடாது. அடைத்துவிட்டால் ‘உஸ்’ என்று காற்று மட்டும் வரும். அப்படி வந்தால் நாக்கைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், மூச்சைக் கூட்டாதீர்கள். தொண்டையை நெரிப்பதும் இங்கே உதவாது. தாடை தளர்வாகவும் தொண்டை கொட்டாவி விடுவதுபோல் திறந்தும் இருக்கட்டும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தவறு, மூக்கு வழியாகவும் காற்று போவது. சுரத்தை இழுக்கும்போதே இரண்டு விரலால் மூக்கைப் பொத்துங்கள். சத்தம் சட்டென்று மாறினால் மூக்கிலும் காற்று போகிறது என்று அர்த்தம். அதை நிறுத்தாமல் பெண்ட் நிலைக்காது. அதேபோல 3, 5 துளைகளின் சத்தம் கலந்து வந்தால் முதலில் ஒற்றைச் சுரத்தைச் சுத்தமாக்குங்கள். உதட்டை நுனியில் குவிக்காமல் கருவியை இன்னும் கொஞ்சம் உள்ளே வைத்தால் இது சரியாகும்.

சுரம் இறங்கியதா என்று சுருதிப் பெட்டியை ஒரு கட்டையில் வைத்துக் கேளுங்கள், அல்லது போனில் ட்யூனரைத் திறந்துவையுங்கள். `D` என்று காட்டுவது `C#` ஆக மாறி அங்கேயே நிற்க வேண்டும். பலரும் இறங்கியதும் நிறுத்தாமல் அடிவரை தள்ளிவிடுகிறார்கள். அப்போது ரிஷபம் ஸ்ருதி குறைந்து ஒலிக்கும். நிற்கப் பழகுவதுதான் இதில் கடினமான பாதி.

இது நின்றதும் ஆறாம் துளைக்குப் போகலாம். அங்கே இழுத்தால் சதுஸ்ருதி தைவதம், வளைத்தால் சுத்த தைவதம். நாக்கு இன்னும் முன்னால், மிகச் சிறிதாகத்தான் நகரும். நான்காம் துளைக்குச் செய்த அசைவை இங்கே செய்தால் சத்தம் செத்துவிடும். இரண்டும் வந்துவிட்டால் 4 ஊதல், 4 வளைவு, 5 ஊதல், 5 இழுப்பு, 6 ஊதல், 6 வளைவு, 7 இழுப்பு, 7 ஊதல் என்று மாயாமாளவகௌளை ஆரோகணம் முழுதாக வரும். சரளி வரிசை தெரிந்தவருக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. வளைக்காமல் அதே வரிசையை வாசித்தால் சங்கராபரணம் என்பதால், பெண்ட் தவறினால் காது உடனே சொல்லிவிடும்.

ஐந்தாம் துளையில் இதைத் தேடாதீர்கள். அங்கே காந்தாரத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அரைச் சுரம்தான் இடைவெளி, எனவே கொஞ்சம் சாயுமே தவிர புதுச் சுரம் வராது. ஏழில் இழுக்கும் சுரமே ஊதுவதைவிடத் தாழ்ந்தது, இழுத்து வளைக்க வழியே இல்லை. மூன்றாம் துளையில் மூன்று படி இறங்கலாம். ஒவ்வொன்றுக்கும் நாக்கு நிற்கும் இடம் வேறு என்பதால், அதை நான்கும் ஆறும் உறுதியான பிறகு தொடுங்கள்.